வேறு வருமானம் உண்டா?

ஆதரவில்லாத ஒரு மூதாட்டிக்குக் கிடைக்க வேண்டிய சர்க்கார் பென்ஷனை நான் என் கையால் எழுதித் தடுத்தேன். அதற்கடுத்த சில வாரங்களில், அவருக்கு மாதாமாதம் வந்துகொண்டிருந்த தேவாலய உதவியும் நின்றுபோவதைப் பார்த்துக்கொண்டு வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். இரண்டு இடத்திலும் விஷயம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. இது நடந்தது அறுபதுகளின் கடைசியில், தாம்பரத்தில்.

அப்போது நான் ரெவின்யூ இன்ஸ்பெக்டர். பி.ஏ. படித்துவிட்டு தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, சீக்கிரமே அந்தப் பதவிக்கு வந்தவன். சுற்றியிருந்த கிராமங்களுக்கெல்லாம் சைக்கிளில் போய் விசாரித்து அறிக்கை எழுதுவது என் வேலை. பட்டா, வரி பாக்கி, ஏரி உடைப்பு, புறம்போக்கு ஆக்கிரமிப்பு, இவற்றோடு முதியோர் பென்ஷன் மனுக்களும் வரும். அந்தத் திட்டம் வந்து அப்போது சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. அறுபத்தைந்து வயது தாண்டியிருக்க வேண்டும். சொத்து, வருமானம் எதுவும் இருக்கக் கூடாது. காப்பாற்றும் வயதில் மகனோ பேரனோ இருக்கக் கூடாது. பிச்சையெடுப்பதைத் தொழிலாக வைத்திருப்பவருக்கும் கிடையாது. இதெல்லாம் சரியென்று நான் எழுதினால் தாசில்தார் வழியாக மேலே போகும். உத்தரவானால் மாதம் இருபது ரூபாய், மணியார்டரில் வீடு தேடி வரும். சர்க்கார் உத்தியோகஸ்தருக்குப் பென்ஷன் உண்டு, பெரிய கம்பெனித் தொழிலாளிக்கு பிராவிடண்ட் ஃபண்ட் உண்டு. வாழ்நாள் முழுக்கக் கூலிக்கு உழைத்து எதிலும் ஒரு காசு பிடித்தமாகாதவர்களுக்கு இருந்தது அந்த இருபது ரூபாய் ஒன்றுதான்.

நான் சொல்லும் அம்மாள் அப்படிப்பட்டவர். மாணவர் விடுதி ஒன்றில் முப்பது வருடம் போல தினக்கூலிக்கு வெந்நீர் போட்டு, பாத்திரம் துலக்கி, காய்ச்சல் வந்த பிள்ளைகளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தவர். எல்லோருக்கும் ஆயா. புருஷன் எப்போதோ போய்விட்டார், பிள்ளை கிடையாது. விடுதியை இழுத்து மூடியபோது கையில் ஒரு புதுப்புடவையைக் கொடுத்து அனுப்பினார்கள். அதன் பிறகு இரண்டு வீடுகளில் பற்றுப் பாத்திரம் தேய்த்தார். கண்ணில் புரை விழுந்து, தேய்த்த பாத்திரத்தில் சாம்பல் ஒட்டியிருப்பது தெரியாமல் போனதும் அந்த இரண்டு வீடும் நின்றன. சிட்லபாக்கம் ஏரிப் பக்கம் ஒரு பால்காரரின் எருமைக் கொட்டகையை ஒட்டி ஓலைச் சாய்ப்பு ஒன்று இருந்தது. அதில்தான் குடியிருந்தார். வாடகை ஐந்து ரூபாய்.

அந்த ஐந்து ரூபாய் எங்கள் தேவாலயத்திலிருந்து போயிற்று. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து ஆராதனை நடக்கும். அன்று எடுக்கும் காணிக்கை ஏழைகள் நிதிக்கு என்பது எங்கள் சபையின் வழக்கம். ஆராதனை முடிந்ததும் பக்கத்து அறை வாசலில் ஏழெட்டு விதவைகள் வந்து நிற்பார்கள். பொருளாளர் பெயர் கூப்பிட்டுக் கையில் கொடுப்பார். அந்தப் பொருளாளர் நான்தான். "ஸ்தோத்திரம் சார்" என்று சொல்லி ஆயா வாங்கிக்கொண்டு போவார். மதியத்துக்குள் அது பால்காரர் கைக்குப் போய்விடும்.

பாத்திர வேலை நின்ற பிறகு வாடகைக்கு வழி இருந்தது, வயிற்றுக்கு வழியில்லை. விடுதியில் படித்த யாரோ ஒரு பையன் எழுதிக்கொடுக்க, ஆயா பென்ஷனுக்கு மனுப் போட்டார். அது தாலுகா ஆபீஸ் சுற்றி என் மேசைக்கு வந்தது.

அது வந்த நேரம் சரியில்லை. அதற்கு முந்தைய மாதம்தான் என்மேல் ஒரு மொட்டைப் பெட்டிஷன் போயிருந்தது. இந்த ஆர்.ஐ. தன் சர்ச் ஆட்களுக்கு மட்டும் பென்ஷனுக்கு எழுதுகிறார், மற்றவர்களுடையதைத் தள்ளுகிறார் என்று. பொய். என் சபையைச் சேர்ந்த யாருக்கும் நான் அதுவரை எழுதியதே இல்லை. தாசில்தார் அந்தக் காகிதத்தைக் கொடுக்காமல் கையில் வைத்து ஆட்டிக் காட்டினார்.

"இதுக்கு நான் ஒண்ணும் நடவடிக்கை எடுக்கலைய்யா. ஆனா பத்திரமா எடுத்து வெச்சிருக்கேன். பிரமோஷன் லிஸ்ட் போடற சமயம். பாத்து நடந்துக்க."

பாத்து நடந்துக்க என்ற அந்தச் சொல் என் காதிலேயே இருந்தது. அதோடுதான் ஆயாவின் மனுவை விசாரிக்கப் போனேன்.

கர்ணமும் கூட வந்தார். ஊர்க் கணக்கைப் பார்க்கும் அவர் என்னைவிட இருபது வயது பெரியவர். எந்த விசாரணைக்கும் வெற்றிலையும் ஒரு நகைச்சுவையுமாக வருவார். கொட்டகை வாசலில் ஒரு கோணிப்பையை உதறிப் போட்டு எங்களை உட்காரச் சொன்னார் ஆயா. எருமை மூத்திர வாடை. ஈக்கள்.

"வயசு எவ்வளவு ஆயா?" என்று கேட்டார் கர்ணம்.

"இன்னாத்தக் கண்டேன்? எம்டன் குண்டு போட்டான் பாரு, அப்ப பாவாட கட்டிக்கினு ஓடுனேன். பத்து, பன்னெண்டு இருக்கும்."

"எம்டனே வந்து சர்டிபிகேட் குடுத்த மாதிரி ஆச்சு. அது பதினாலாம் வருஷம். எழுதிக்கங்க சார், வயசு சரி."

மகன் இல்லை, பேரன் இல்லை, நிலம் இல்லை என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு வந்தேன். கடைசியில் அந்தக் கேள்வி.

"வேற எதாவது வருமானம் உண்டா?"

ஆயா என்னைப் பார்த்தார். புரை விழுந்த கண்ணானாலும் நேராகத்தான் பார்த்தார். முதல் ஞாயிற்றுக்கிழமை கொடுப்பவரே கேட்கிறாரே என்று தோன்றியிருக்கும். சாருக்குத் தெரியாததா, தெரிந்துதானே கேட்கிறார், அப்படியென்றால் அதைப் பற்றி இல்லை என்றும் நினைத்திருப்பார். அதோடு, திருவிருந்துக் காணிக்கையை அவர் ஒருநாளும் வருமானம் என்று எண்ணியவர் அல்ல.

"இல்ல சார். இன்னா வருமானம்?"

கர்ணம் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "உங்க சர்ச்சுல எதோ குடுக்கறாங்களே சார், அது கணக்குல வராதில்ல?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார் என்று இன்று தெரிகிறது. எனக்கு வழி விட்டார். வராது என்று நான் சொல்லியிருந்தால் தலையை ஆட்டிவிட்டு எழுந்திருப்பார். ஆனால் அன்று எனக்கு வேறு மாதிரிப் பட்டது. மொட்டைப் பெட்டிஷன் எழுதியதே இவர்தானோ, என்னைச் சோதிக்கிறாரோ என்று பயந்தேன். இதை மறைத்து எழுதினால் நாளைக்கு இவர் வாயே சாட்சி.

நான் பதில் சொல்லவில்லை. வாக்குமூலத்தை முடித்து, வழக்கப்படி உரக்க வாசித்தேன். "வாசித்துக் காட்டக் கேட்டேன், சரி" என்ற கடைசி வரிக்குக் கீழே ஆயா இடது கைப் பெருவிரலை வைத்தார். வேறு வருமானம் இல்லை என்ற வரியும் அதில் இருந்தது.

அன்று மாலையே அறிக்கை எழுதினேன். மனுதாரர் மதச் சபை ஒன்றிலிருந்து மாதந்தோறும் நிலையான உதவி பெற்றுவருகிறார், விசாரணையில் அதை மறைத்துப் பொய் வாக்குமூலம் கொடுத்துள்ளார், ஆதரவற்றவர் என்ற வரையறைக்குள் வரமாட்டார், மனுவைத் தள்ளுபடி செய்யலாம். நல்ல தமிழ். ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. தன் சபைக்காரி என்றுகூடப் பார்க்காதவன் என்று தாசில்தார் நினைப்பார் என்ற எண்ணம் எழுதும்போதே எனக்கு இருந்தது. அவர் அப்படித்தான் நினைத்தார். "இப்படித்தான் இருக்கணும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

இத்தோடு நின்றிருந்தால் அதை ஒரு கறாரான அதிகாரியின் தவறு என்று சொல்லிக்கொள்ளலாம்.

பதினைந்து நாளோ என்னவோ கழித்து சபைக் கமிட்டி கூடியது. ஏழைகள் நிதியில் காணிக்கை குறைந்திருந்தது. புதிதாக ஒரு இளம் விதவை, மூன்று குழந்தைகளோடு, உதவி கேட்டு நின்றாள். யாரையாவது எடுத்தால்தான் அவளைச் சேர்க்க முடியும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கமிட்டியில் மூத்தவர். அவர் தொண்டையைச் செருமினார்.

"விடுதி ஆயா சர்க்கார் பென்ஷனுக்கு எழுதிப் போட்டிருக்காளாமே. இருபது ரூபா வரும். அங்கயும் வாங்கி இங்கயும் வாங்கணுமா? நம்ம நிதி ஒண்ணுமே இல்லாதவங்களுக்கு. பொருளாளரே ரெவின்யூல இருக்கார். என்ன சார், வந்துடும்தானே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். போதகரும் பார்த்தார்.

வராது, நானே வராமல் செய்துவிட்டேன், அதுவும் நீங்கள் கொடுக்கும் இந்தப் பணத்தைக் காரணம் காட்டி என்று நான் சொல்லியிருக்க வேண்டும். "ஆபீஸ் விஷயம் சார். நான் இங்க சொல்லக் கூடாது" என்றேன்.

தலைமையாசிரியர் அர்த்தத்தோடு சிரித்தார். "சரி சரி. புரியுது."

அவருக்குப் புரிந்தது தலைகீழாக என்று எனக்குத் தெரியும். ஆயாவின் பெயரை எடுத்துவிட்டு அந்தப் பெண்ணின் பெயரைச் சேர்த்தார்கள். ஜெபத்தோடு கூட்டம் முடிந்தது. நானும் கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொன்னேன்.

அடுத்த முதல் ஞாயிறு. ஆயா வழக்கம்போல வந்து வரிசையில் நின்றார். யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. பெயர்களைக் கூப்பிட்டு முடித்துப் பையை மூடினேன். மற்றவர்கள் போய்விட்டார்கள், அவர் மட்டும் நின்றார்.

"என் பேரு வுட்டுப்போச்சா சார்?"

"கமிட்டி முடிவு ஆயா. இந்த மாசத்திலேர்ந்து நிறுத்தியிருக்காங்க."

"ஏன் சார்? நான் இன்னா பண்ணேன்?"

நான் பையின் பூட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "நீங்க பென்ஷனுக்கு எழுதிப் போட்டிருக்கீங்கல்ல."

ஆயாவின் முகம் மாறியது. அப்படி ஒரு சந்தோஷத்தை நான் எதிர்பார்க்கவில்லை. "அப்ப வந்துடுச்சா சார்? அத்தச் சொல்லக் கூடாதா? பயந்தே போய்ட்டேன். கர்த்தர் உங்கள ஆசீர்வதிக்கணும், உங்க கொழந்த குட்டிங்க நல்லா இருக்கணும்." என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கையை இழுத்துக்கொண்டேன். இல்லை என்று சொல்லவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

பிறகு கேள்விப்பட்டவை இவை. பென்ஷன் வரப்போகிறது என்று ஆயா பால்காரரிடம் சொல்லி வாடகைக்குத் தவணை வாங்கியிருக்கிறார். மளிகைக் கடையில் அதே பேச்சைச் சொல்லி நொய் அரிசி கடன் வாங்கியிருக்கிறார். தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்குக் கொட்டகை வாசலில் வந்து உட்கார்ந்திருக்கிறார். "உனக்கு ஒண்ணும் இல்ல ஆயா" என்று அவர் தினமும் சொல்லியிருக்கிறார். கடைசியில் காகிதம் வந்தது. தபால்காரர் கொண்டுவரவில்லை, தலையாரி கொண்டுவந்தான். மனு தள்ளுபடி. ஆதரவற்றவர் அல்ல, வருமானத்தை மறைத்துப் பொய் சொன்னவர். பால்காரரின் மகன் அதைக் கொட்டகை வாசலில் உரக்கப் படித்தானாம்.

பால்காரர் கெட்டவர் இல்லை. இன்னும் ஒரு மாதம் பொறுத்தார். பிறகு அந்தச் சாய்ப்பில் கன்றுக்குட்டியைக் கட்டினார்.

இரண்டு ஞாயிறு ஆயா கோவிலுக்கு வரவில்லை. யாரும் விசாரிக்கவில்லை. நானும் விசாரிக்கவில்லை. ஒரு வியாழன் சாயங்காலம் என் மனைவி மின்சார ரயிலில் மாம்பலம் போய்விட்டுத் திரும்பினாள். பையைக் கீழே வைக்கும்முன்பே சொன்னாள்.

"என்னங்க, நம்ம ஆயா ஸ்டேஷன் படிக்கட்டுல உக்காந்திருக்காங்க. முக்காடு போட்டு மூஞ்சிய மறச்சிக்கிட்டு. என் குரல் கேட்டதும் திரும்பிக்கிட்டாங்க. பக்கத்துல ஒரு தகர டப்பா இருந்துச்சு."

எனக்கு அந்தத் தகர டப்பாதான் கேட்டது. பிச்சையெடுப்பவருக்குப் பென்ஷன் இல்லை. அதைவிட, பிச்சைக்காரர்களைப் பிடிக்கும் போலீஸ் வண்டி மாதத்தில் ஒரு தடவையாவது தாம்பரம் ஸ்டேஷனுக்கு வரும். பிடித்தால் கோர்ட்டில் நிறுத்தி முகாமுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே போன கிழவர்கள் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன். அவர் படிக்கட்டில் இல்லை. மேம்பாலத்தில் ஏறி இறங்கினேன். ஜி.எஸ்.டி. ரோடு பக்கம் ஒரு நீல வண்டி நின்றது. அதைச் சுற்றிக் கூட்டம். காலில்லாத ஒருவனை இரண்டு போலீஸ்காரர்கள் தூக்கி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வண்டிக்குள் முக்காடு போட்ட ஒரு உருவம் தெரிந்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு "ஆயா, ஆயா" என்று கத்தினேன். திரும்பியது வேறு யாரோ. பல் இல்லாத வாயால் என்னைத் திட்டினாள்.

"இன்னா சார், உங்க ஆளா? ஏறிக்கிறியா நீயும்?" என்றார் ஒரு போலீஸ்காரர். கூட்டம் சிரித்தது.

ஆயா பார்சல் ஆபீஸ் பின்னால், அடுக்கி வைத்திருந்த மூங்கில் கூடைகளுக்கு நடுவில் பதுங்கியிருந்தார். வண்டியைப் பார்த்ததும் ஒரு சுமைகூலி அவரை அங்கே தள்ளிவிட்டிருக்கிறார். என்னை அடையாளம் தெரிந்ததும் அவர் முதலில் சொன்னது இதுதான்:

"நான் கையேந்தல சார். அவங்களா போட்டுட்டுப் போறாங்க. இத்தயும் எழுதிப்புடாத."

வீட்டுக்குக் கூட்டிவந்தேன். என் மனைவி சோறு போட்டாள். ஆயா சமையலறை வாசலில் உட்கார்ந்து தலை நிமிராமல் சாப்பிட்டார். அன்றுதான் நான் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆயாவை இங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

"வெச்சுக்கலாம். ஆனா நம்ம வீட்ல இருந்தா அவங்க உங்க ரூல்படி ஆதரவில்லாதவங்க இல்லையே. நாம பாத்துக்கறோம்னு நீங்களே எழுதித் தள்ளிடுவீங்க."

கேலி இல்லை அது. அப்படிப் பேசுகிறவள் அல்ல அவள்.

யோசித்துப் பார்த்தால் நான் செய்யக்கூடிய ஒவ்வொரு உதவியும் என் பேனாவின் கீழ் வருமானமாக மாறியது. மறுநாள் பால்காரரிடம் போய் நின்றுபோன வாடகையைக் கொடுத்து, கன்றுக்குட்டியை அவிழ்க்கச் சொன்னேன். மாதாமாதம் நான் கட்டுகிறேன், வெளியில் சொல்ல வேண்டாம் என்றேன். பால்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீதானே சார் அத்துக்கு எதிரா எழுதுன ஆளு?" என்றார். ஆமாம் என்றேன். பணத்தை வாங்கிக்கொண்டார்.

தாசில்தாரிடம் போனேன். என் அறிக்கை தவறு, மறுபடி பரிசீலிக்க வேண்டும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"சர்ச்சுல பணம் குடுத்தது பொய்யா?"

"இல்ல சார். குடுத்தோம்."

"அந்தம்மா இல்லைன்னு ரேகை வெச்சது பொய்யா?"

"அந்தம்மாவுக்கு அது வருமானம்னு தெரியாது சார். நான்தான் கொடுத்துக்கிட்டிருந்தேன். எனக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரியும்."

"அடப்பாவி. நீயே குடுத்துட்டு நீயே எழுதினியா?" கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "பழசைத் திறக்க முடியாதுய்யா. உத்தரவாயிடுச்சு. சூழ்நிலை மாறியிருக்குன்னு புது மனு போடச் சொல்லு. சர்ச்சுல இப்ப ஒண்ணும் தரலைன்னு பாதிரியார்கிட்ட ஒரு கடிதம் வாங்கு."

"விசாரணைக்கு வேற யாரையாவது போடுங்க சார்."

"எதுக்கு? நீ போய் அந்தம்மா மூஞ்சியப் பாரு. அதான் உனக்கு."

கமிட்டியில் எழுந்து நின்று சொன்னேன். போதகரின் முகம் சுருங்கிவிட்டது. தலைமையாசிரியர் உடைந்துபோனார், மேசையில் கையை ஊன்றிக்கொண்டு, "என்னைக் கேக்க வெச்சுட்டுச் சும்மா இருந்தீங்களே சார்" என்றார். உடனே ஆயாவின் உதவியைத் திரும்பக் கொடுத்துவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். வேண்டாம் என்று நான்தான் மறுக்க வேண்டியிருந்தது. இப்போது கொடுத்தால் புது மனுவும் அதே காரணத்தால் விழும். போதகர் கடிதம் எழுதிக் கொடுத்தார். சபையிலிருந்து தற்போது எந்த உதவியும் இவருக்கு அளிக்கப்படவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடும்போது அவருடைய பேனா நின்று நின்று போனது. பொருளாளர் பொறுப்பிலிருந்து என்னை விடுவிக்கச் சொன்னேன். யாரும் தடுக்கவில்லை.

மறுபடியும் அதே கொட்டகை, அதே கர்ணம், அதே கோணிப்பை. ஆயா இந்தத் தடவை என்னைப் பார்க்கவே இல்லை. கேட்டதற்கு மட்டும் பதில். ரேகை வைக்கும் கை மடியில் முடங்கிக் கிடந்தது.

"வேற வருமானம் உண்டா?" என்று கேட்டேன்.

"கீது" என்றார் ஆயா.

கர்ணம் நிமிர்ந்தார்.

"இந்தச் சாய்ப்புக்கு வாடக இந்த சார்தான் கட்டுறாரு. பால்காரு சொல்லல. நானாத் தெரிஞ்சிக்கினேன். மூணு தபா இவரு வூட்டம்மா அரிசி குடுத்து வுட்டாங்க. பக்கத்து வூட்ல நேத்து கொழம்பு குடுத்தாங்க. எழுதிக்கோ சார். அப்பால பொய் சொன்னேன்னு எழுதக் கூடாது."

என் கையில் பேனா அசையவில்லை. எழுதினால் மனு போயிற்று. எழுதாவிட்டால், சாட்சியாகக் கர்ணம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். மொட்டைப் பெட்டிஷன் தாசில்தாரின் மேசைக்குள் இருக்கிறது.

கர்ணம் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, சுண்ணாம்பைத் தேடினார், மூடினார். "என்னா சொன்னாங்க சார்?" என்றார் என்னிடம். "எனக்கு ஒரு வாரமா இந்தக் காது அடைச்சுக்கிச்சு. எருமை வேற கத்துது."

எருமை எதுவும் கத்தவில்லை.

ஆயாவின் பக்கம் சாய்ந்து அவர் குரலை உயர்த்தினார். "ஆயா, இவரு தர்றது கடன். பென்ஷன் வந்ததும் திருப்பிக் குடுத்துடு. குழம்பு குடுத்தா கிண்ணத்தைக் கழுவிக் குடுத்துடு. அதெல்லாம் வருமானமில்ல. ஊர் உலகத்துல அதுக்கு வேற பேரு."

"அப்ப சாரு அத்த அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?" என்றார் ஆயா.

கர்ணம் வெளியில் ஏரியைப் பார்த்தார். வேறு வருமானம் எதுவும் இல்லை என்று நான் எழுதினேன். என் சர்வீஸில் தெரிந்தே எழுதிய முதல் பொய் அது. வாசித்துக் காட்டினேன். அந்த வரி வந்ததும் ஆயா கையை நீட்டி, "இரு, இன்னொரு தபா படி" என்றார். படித்தேன். இன்னொரு தடவை என்றார். மூன்றாம் முறை படித்த பிறகுதான் விரலை வைத்தார்.

உத்தரவு வர ஐந்தாறு மாதம் ஆயிற்று. அதுவரை வாடகையை நான் கட்டினேன். முதல் மணியார்டர் வந்த வாரம் ஆயா எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். ஒரு முடிச்சை அவிழ்த்து, கடனில் முதல் பங்கு என்று என் மனைவியிடம் ஐந்து ரூபாயைக் கொடுத்தார். வேண்டாம் என்று அவள் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. கர்ணம் கடன் என்றுதான் சொன்னார், வாங்காவிட்டால் அது வருமானம் ஆகிவிடும் என்றார். கடைசிக் காசு வரைக்கும் மாதாமாதம் கொடுத்து அடைத்தார். நான் திண்டாடி நின்றேன். வாங்கிக்கொள்வதைத் தவிர எனக்கு வழியில்லை.

பதவி உயர்வு வந்தது. இந்த விஷயத்தால் அது தடைபடவும் இல்லை, தள்ளிப்போகவும் இல்லை. மொட்டைப் பெட்டிஷனை யார் எழுதினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மாற்றலாகிப் போவதற்கு முன் ஒருமுறை, பென்ஷன் வாங்குபவர்கள் உயிரோடு இருக்கிறார்களா, நிலைமை அப்படியே இருக்கிறதா என்று பார்க்கும் வருடாந்தரச் சோதனை என் கையில் வந்தது. சிட்லபாக்கத்துக்குப் போனேன். கிறிஸ்துமஸ் முடிந்து சில நாட்கள். ஆயாவின் கண் இன்னும் மங்கியிருந்தது. குரலை வைத்துத்தான் என்னைக் கண்டுகொண்டார். சாய்ப்பு சுத்தமாக இருந்தது, ஒரு பானையில் அரிசி இருந்தது, மூலையில் காகிதம் பிரிக்காத ஒரு புடவை இருந்தது.

"கோயில்ல எல்லா விதவைங்களுக்கும் சேல குடுத்தாங்க சார். வேணாம்னேன். போதகரு சம்சாரம் வெச்சிட்டுப் போய்டுச்சு. இன்னும் கட்டல. சோதனைக்கு நீங்க வருவீங்கன்னு பிரிக்காம வெச்சிருக்கேன்."

"கட்டிக்கங்க ஆயா. அது கணக்கில்ல."

"எழுதிக் குடு" என்றார்.

என் பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, இந்தப் புடவை வருமானம் ஆகாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அப்படி ஒரு சான்றிதழ் எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆயா அதைத் தடவிப் பார்த்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். புடவையை எடுக்கவில்லை. நான் போகும் வரைக்கும் அது அங்கேதான் இருந்தது.